பத்தாம் வருஷ விழாவுல ஹோட்டல் ஓனர் பேசற நன்றி ஸ்பீச்: லிஸ்ட் எடுக்கறதுல இருந்து மைக் பிடிக்கற வரைக்கும் முழு வழிகாட்டி

ஹோட்டல் ஆரம்பிச்சு பத்து வருஷம் ஆச்சுன்னு ஸ்டாஃப்பையும் ரெகுலர் கஸ்டமரையும் ஒண்ணா கூப்பிட்டு வெச்சு ஓனர் எழுந்து பேசற அந்த ஸ்பீச்சுக்காக நான் மூணு ஓனர் கூட உக்காந்து வேலை பாத்திருக்கேன், அதுக்கு முன்னாடி ரொம்ப நாள் ஹோட்டல்ல ஃப்ளோர் மேனேஜரா இருந்து இந்த மாதிரி ஸ்பீச் கேட்டும் இருக்கேன். எல்லாரும் தடுமாறற இடம் கிட்டத்தட்ட ஒண்ணு தான். மைக் முன்னாடி ரெண்டு விதமான ஆளுங்க இருக்காங்க, ஒருத்தங்க உக்காந்து கேக்கறாங்க, இன்னொருத்தங்க அந்த நேரத்துலயும் வேலை பாத்துட்டு இருக்காங்க. இதை முதல்ல மனசுல வாங்கிட்டா மத்த ஸ்டெப் எல்லாம் அதுல இருந்தே வரும்.

மொத்தம் மூணு வாரம் ஒதுக்குங்க. எழுதறதுக்கு ஒரு சாயங்காலம் போதும், ஆனா ஆளுங்க கிட்ட கேட்டு விஷயம் சேக்கறதுக்கு தான் நாள் பிடிக்கும்.

முன்னாடியே கையில இருக்க வேண்டியது

பழைய அட்டெண்டன்ஸ் நோட்டு இல்லன்னா சம்பள நோட்டு, முதல் மாசத்துல இருந்து. விழா அன்னிக்கு யார் யார் டியூட்டில, யார் யார் லீவுன்னு ஒரு லிஸ்ட். ஒரு சின்ன பாக்கெட் நோட்டு. கெட்டியான அட்டை நாலஞ்சு. போன்ல ஸ்டாப்வாட்ச். இவ்ளோ தான்.

1. எப்போ பேசறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க, அப்புறம் எழுதுங்க

நிறைய பேர் எழுதி முடிச்சிட்டு தான் "எப்போ பேசலாம்"னு யோசிக்கறாங்க. அது தலைகீழ். எந்த நேரத்துல பேசறீங்கங்கறது தான் எவ்ளோ நேரம் பேசலாம், யார் கேப்பாங்கங்கறதை முடிவு பண்ணுது.

சாப்பாடு முடிஞ்சதும் பேசலாம்னு தோணும், எல்லாரும் வயிறு நிறைஞ்சு நிதானமா இருப்பாங்கன்னு. ஆனா கிச்சன் பக்கத்துல இருந்து பாருங்க, தட்டு எல்லாம் ஒரே நேரத்துல திரும்பி வர்ற நேரம் அது, பாத்திரம் கழுவறவங்களுக்கு தலைக்கு மேல வேலை, சர்வர்ங்க டேபிள் துடைச்சிட்டு இருப்பாங்க. நீங்க யாருக்கு நன்றி சொல்றீங்களோ அவங்க தான் அந்த ரூம்ல இருக்க மாட்டாங்க.

நான் ஒரு தடவை இதை நேர்ல பாத்தேன். அந்த ஹோட்டல்ல முதல் நாள்ல இருந்து பாத்திரம் கழுவற அக்கா, ஓனர் குரல் கேட்டதும் கிச்சன் கதவு கிட்ட வந்து ஈரக்கையை ஏப்ரன்ல துடைச்சிட்டே நின்னாங்க. மாஸ்டர் பேர் வந்துச்சு, சர்வர்ங்க பேர் வந்துச்சு, கல்லாவுல உக்கார்றவர் பேர் வந்துச்சு. சிங்க்ல தண்ணி ஓடிட்டு இருந்துச்சு, அதை நிறுத்த உள்ள போனாங்க, திரும்ப வரல. ஓனர் அதுக்கப்புறம் ரெண்டாவது நிமிஷத்துல அவங்க பேரைச் சொன்னாரு, எல்லாரும் கை தட்டினாங்க, அந்த அக்காவுக்கு மட்டும் கேக்கல.

அதனால என் சிபாரிசு இது: கெஸ்ட் எல்லாரும் வந்து உக்காந்து, குடிக்க ஏதாவது ஒண்ணு கொடுத்து முடிச்சதும், சாப்பாடு வெளிய வர்றதுக்கு முன்னாடி பேசிடுங்க. சமையல் முடிஞ்சு சூடா மூடி வெச்சிருக்கணும், அடுப்பு எல்லாம் ஆஃப் ஆகியிருக்கணும், கிச்சன்ல இருக்கற ஒவ்வொருத்தரும் வெளிய வந்து நிக்கணும். ரொம்ப நேரம் மூடி வெச்சா சாப்பாடு குணம் மாறிடும், அதனால ஸ்பீச்சுக்கு ஏழு நிமிஷம் தான் எல்லை. மாஸ்டர் கிட்ட முன்னாடியே "எத்தனை நிமிஷம் தாங்கும்"னு கேட்டு அதுக்குள்ள வர்ற மாதிரி வெச்சுக்கோங்க, ஏன்னா அன்னிக்கு மெனு அவருக்குத் தான் தெரியும்.

அன்னிக்கு கடையை வழக்கமான வியாபாரத்துக்கும் திறந்து வெச்சா இது நடக்காது. பார்சல் ஆர்டர் வாங்கற போனையும் ஆப்பையும் அந்த அரை மணி நேரம் நிறுத்தியே ஆகணும், இல்லன்னா பேச்சு நடுவுல டெலிவரி எடுக்க வந்தவர் கதவு கிட்ட நிப்பாரு, கேஷியர் ஓடுவாரு.

2. பேர் லிஸ்ட்டை ஞாபகத்துல இருந்து எழுதாதீங்க

ஞாபகம் எப்பவும் கண்ணுக்குத் தெரியற ஆளைத் தான் முதல்ல கொண்டு வரும். ஹால்ல நிக்கறவங்க வருவாங்க, காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி வந்து காய் நறுக்கிட்டு மதியம் போயிடறவங்க வர மாட்டாங்க. அதனால தான் அட்டெண்டன்ஸ் நோட்டு.

நோட்டை முதல் மாசத்துல இருந்து புரட்டி, மூணு பத்தியா எழுதுங்க. இப்போ வேலைல இருக்கறவங்க ஒண்ணு, வேலையை விட்டு போனவங்க ஒண்ணு, சம்பள நோட்டுலயே இல்லாம ஆனா தினமும் வர்றவங்க ஒண்ணு. இந்த மூணாவது பத்தியில தான் காலையில சரக்கு இறக்கறவர், ஃப்ரீசர் ரிப்பேர் பண்றவர், ஓனர் வீட்ல இருந்து வந்து பண்டிகை கூட்டத்துல பில் போட்டு கொடுத்தவங்கன்னு வருவாங்க.

எழுதி முடிச்சதும் லிஸ்ட்டை நீங்களே சரி பாக்காதீங்க. கடைல ரொம்ப நாளா இருக்கற ரெண்டு பேர் கிட்ட தனித்தனியா காட்டுங்க, ஒருத்தர் கிச்சன் ஆள், ஒருத்தர் ஹால் ஆள். நான் உக்காந்த மூணு தடவையும் இந்த ஸ்டெப்ல குறைஞ்சது ஒரு பேராவது புதுசா வந்துச்சு.

போனவங்க பத்தியில ஒரு சிக்கல் வரும். சண்டை போட்டு போனவங்க இருப்பாங்க. அவங்களை விட்டுட்டு மத்தவங்க பேரை மட்டும் சொன்னா இருக்கற ஸ்டாஃப் உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. அதனால போனவங்களை பேர் சொல்லாம, எண்ணிக்கையா சொல்றது நல்லது. "இந்த பத்து வருஷத்துல இந்த கிச்சன்ல 26 பேர் வேலை பாத்துட்டு போயிருக்காங்க"ன்னு நோட்டைப் பாத்து எண்ணி சொல்லுங்க. அந்த நம்பருக்குள்ள எல்லாரும் அடக்கம், சண்டை போட்டவரும் தான். விதிவிலக்கு ஒண்ணு தான், இறந்து போனவங்க யாராவது இருந்தா பேர் சொல்லியே ஆகணும், அவங்க வீட்டுக்கு முன்கூட்டி சொல்லி.

3. ஒவ்வொருத்தருக்கும் ஒரு சம்பவம் தேடுங்க, குணம் தேடாதீங்க

முதல் ட்ராஃப்ட்ல எல்லாரும் எழுதறது "கடின உழைப்பாளி, நேர்மையானவர், சிரிச்ச முகம்" தான். பன்னிரண்டு பேருக்கும் இதையே மாத்தி மாத்தி எழுதினா ஆறாவது ஆள் வரும்போதே கேக்கறவங்க காது அடைச்சிடும். குணத்தை யாருக்கு வேணா ஒட்டலாம், நடந்த விஷயம் அந்த ஆளுக்கு மட்டும் தான் ஒட்டும்.

சம்பவம் கிடைக்கலன்னா அது அந்த ஆளோட குறை இல்ல, நீங்க அவங்க வேலையை கிட்ட நின்னு பாக்கலன்னு அர்த்தம். அதுக்கு ஒரு வழி இருக்கு. ஆளைப் பத்தி அந்த ஆள் கிட்டயே கேக்காதீங்க, "நான் என்ன சார் பெருசா பண்ணேன்"னு தான் சொல்லுவாங்க. பக்கத்துல நின்னு வேலை பாக்கறவங்க கிட்ட கேளுங்க. கேள்வியும் சரியா கேக்கணும். "அவர் எப்படி?"ன்னு கேட்டா "நல்லவர்"னு பதில் வரும். "அவர் ஒரு நாள் வரலன்னா என்ன நின்னு போகும்?"னு கேளுங்க, அப்போ தான் விஷயம் வெளிய வரும்.

ஒரு ஓனர் கூட உக்காந்தப்போ க்ளீனிங் பண்ற தம்பியைப் பத்தி அவருக்கு ஒண்ணுமே எழுத வரல. மேல சொன்ன கேள்வியை ஒரு சர்வர் கிட்ட கேட்டோம். அந்த தம்பி ராத்திரி போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு நாற்காலியையும் ஒரு தடவை ஆட்டிப் பாப்பானாம், ஆடுற நாற்காலியை தனியா எடுத்து சுவரோரமா வெச்சிட்டு போவானாம், அதனால தான் காலையில எவனும் உடைஞ்ச நாற்காலியில கெஸ்ட்டை உக்கார வெக்கறது இல்லையாம். ஓனருக்கு ஏழு வருஷமா இது தெரியாது. ஸ்பீச்ல அந்த ஒரு விஷயம் தான் அவனுக்காக சொன்னோம், ரெண்டே வரி.

எழுதின ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை வைங்க: இந்த வரியில பேரை மாத்திட்டு வேற ஹோட்டல் ஓனர் படிச்சா அவருக்கும் பொருந்துமா? பொருந்தினா அடிச்சிடுங்க.

ஸ்டாஃப் பண்ணின தப்பை வேடிக்கையா சொல்றது வேணவே வேணாம். ட்ரே கவிழ்த்த கதை உங்களுக்கு சிரிப்பா இருக்கும், ஆனா அவங்க அப்பா அம்மாவோ பிள்ளைங்களோ அங்க உக்காந்திருந்தா அந்த நேரம் அவங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க. ஓனர் சொல்ற ஜோக்குக்கு ஸ்டாஃப் சிரிச்சு தான் ஆகணும், அதனால அவங்க சிரிப்பை வெச்சு நல்லா இருக்குன்னு எடுத்துக்க முடியாது.

4. ஸ்டாஃப்புக்கு பேர் சொல்லுங்க, கஸ்டமருக்கு செயலைச் சொல்லுங்க

இந்த வழிகாட்டியில ஒரு விஷயம் மட்டும் எடுத்துக்கறதா இருந்தா இதை எடுத்துக்கோங்க.

ஸ்டாஃப் லிஸ்ட்டுக்கு முடிவு இருக்கு. பன்னிரண்டு பேர்னா பன்னிரண்டு பேர், எல்லாரையும் சொல்லி முடிச்சிடலாம். ரெகுலர் கஸ்டமர் லிஸ்ட்டுக்கு முடிவே கிடையாது. நீங்க அஞ்சு பேரை பேர் சொல்லி நன்றி சொன்னா அங்க உக்காந்திருக்கற மீதி ஐம்பத்தஞ்சு பேரும் "நானும் எட்டு வருஷமா வர்றேனே"ன்னு நினைப்பாங்க. யாருமே வாய்விட்டு சொல்ல மாட்டாங்க, ஆனா அது நிக்கும்.

அதனால கஸ்டமர் பக்கத்துல பேரே வேணாம், அவங்க பண்ணின காரியத்தை சொல்லுங்க. "முதல் வருஷம் கடைல ஒரு டேபிள் கூட நிறையாத நாள்ல ஜன்னல் பக்கம் உக்காந்து, வெளிய போறவங்களுக்கு உள்ள ஆள் இருக்குன்னு காட்டினீங்க"ன்னு சொன்னா, அது யாருன்னு அவங்களுக்குத் தெரியும், பக்கத்துல இருக்கறவங்களுக்கும் தெரியும், விட்டுப்போன உணர்வு யாருக்கும் வராது. அந்த மாதிரி நாலு செயல் போதும்.

எந்த மாதிரி செயல் எடுக்கலாம்? காசு செலவு பண்ணினதை எடுக்காதீங்க, அது வியாபாரம். கடை நல்லா நடக்க உதவினதை எடுங்க. ருசி மாறினப்போ கூட்டத்துல கத்தாம பில் கொடுக்கும்போது மெதுவா வந்து சொன்னவங்க. வெளிய ஆள் காத்திருக்கறதைப் பாத்து சாப்பிட்டதும் எழுந்து இடம் விட்டவங்க. புது சர்வர் ஆர்டரை மாத்தி கொண்டு வந்தப்போ "பரவால்லப்பா"ன்னு அதையே சாப்பிட்டவங்க. இதை எல்லாம் உங்களை விட சர்வர்ங்க நல்லா ஞாபகம் வெச்சிருப்பாங்க, அவங்க கிட்ட தான் கேக்கணும். இப்படி கேட்டா இன்னொரு நல்லதும் நடக்கும், ஸ்டாஃப் சொன்னதை வெச்சே கஸ்டமருக்கு நன்றி சொல்றீங்க, ரெண்டு பக்கமும் ஒரே நூல்ல வந்துடும்.

5. சொல்லப் போற சம்பவத்துக்கு முன்னாடியே பர்மிஷன் கேளுங்க

ஹோட்டல்ல நாம பாக்கறது பாதி அடுத்தவங்க சொந்த வாழ்க்கை. யார் யாரோட வந்தாங்க, எந்த வருஷத்துல இருந்து தனியா வர ஆரம்பிச்சாங்க, யார் எந்த உடம்பு பிரச்சனைக்காக என்ன சாப்பாட்டை நிறுத்தினாங்கன்னு நமக்குத் தெரியும். "இங்க தான் பொண்ணு பாத்தாரு"ன்னு சந்தோஷமா சொல்றீங்க, அந்த கல்யாணம் இப்போ என்ன நிலமையில இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது.

விதி சுலபம். ஆளை அடையாளம் காட்டற சம்பவம்னா, ஸ்டாஃப்பா இருந்தாலும் கெஸ்ட்டா இருந்தாலும், சொல்லப் போற அதே வரியை அவங்க கிட்ட படிச்சு காட்டுங்க. "உங்களைப் பத்தி ஒண்ணு சொல்லப் போறேன்"னு பொதுவா கேக்கறது போதாது. கொஞ்சம் தயங்கினாலும் விட்டுடுங்க.

ஸ்டாஃப் பக்கமும் இதே தான். கஷ்டமான மாசத்துல சம்பளம் தள்ளிப் போனப்போ பொறுத்துக்கிட்டாங்கன்னு கெஸ்ட் முன்னாடி சொல்றது பெருமையா தோணும். ஆனா அந்த மாசம் அவங்க வீட்ல என்ன பட்டாங்கங்கறது அவங்க விஷயம். அந்த நன்றியையும், கேக்க வேண்டிய மன்னிப்பையும் அன்னிக்கு காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி ஸ்டாஃப் சாப்பிட உக்கார்ற நேரத்துல, கெஸ்ட் யாரும் இல்லாதப்போ சொல்லுங்க. அதுக்கு மைக்கும் வேணாம், அட்டையும் வேணாம்.

6. வரிசை: தட்டு போற வழியில போங்க

பேர் சொல்ற வரிசையில தான் மனஸ்தாபம் வரும். மாஸ்டரை முதல்ல சொன்னா அது பதவி வரிசை, கடைசில இருக்கறவர் கடைசி ஆளாயிடுவாரு. சீனியாரிட்டி படி போனா, போன மாசம் சேந்த பையன் எப்பவும் வால்ல நிப்பான்.

நான் சொல்றது, சாப்பாடு போற வழியிலயே போங்க. சரக்கு இறக்கி கணக்கு எடுக்கறவர், காய் நறுக்கறவங்க, அடுப்புல நிக்கறவங்க, தட்டு எடுத்துட்டு போறவங்க, கல்லாவுல இருக்கறவர், டேபிள் துடைக்கறவர், பாத்திரம் கழுவறவங்க. இதுல ஏன் இவர் முன்னாடி, ஏன் அவர் பின்னாடின்னு யாரும் கேக்க முடியாது, வேலை அப்படித்தான் நகருது. கேக்கற கெஸ்ட்டுக்கும் தன் தட்டு எங்கெல்லாம் போயிட்டு வந்துச்சுன்னு தெரியும். அதோட, கடைசியா சொல்ற பேர் தான் காதுல அதிகமா நிக்கும், அந்த இடம் பாத்திரம் கழுவறவங்களுக்குப் போகுது.

முழு ஸ்பீச்சோட வரிசை: வரவேற்பு ரெண்டு வரி, இப்போ இருக்கற ஸ்டாஃப், போனவங்க, வெளியில இருந்து உதவறவங்க, கஸ்டமர், வீட்டு ஆளுங்க ஒரு வரி, சாப்பிட அழைப்பு. ஸ்டாஃப் தான் கஸ்டமருக்கு முன்னாடி வரணும், ஏன்னா கொஞ்ச நேரத்துல அவங்க திரும்ப கிச்சனுக்கு ஓடணும். வீட்டு ஆளுங்களுக்கு ஒரு வரி போதுமான்னு வருத்தப்படாதீங்க, அவங்களுக்கு வீட்ல நிறைய சொல்லலாம், அவங்க வேலை இடம் இது இல்லையே.

நேரக் கணக்கு: பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு 18 செகண்ட்னா மூணரை நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல. 18 செகண்ட்ங்கறது ரெண்டு வரி. போனவங்களுக்கும் வெளி ஆளுங்களுக்கும் சேத்து முக்கால் நிமிஷம், கஸ்டமருக்கு ஒன்றரை நிமிஷம், மீதி எல்லாம் சேத்து அரை நிமிஷம். ஆறரை நிமிஷத்துல முடியும், கை தட்டறதுக்கு அரை நிமிஷம் மிச்சம்.

முப்பது பேருக்கு மேல ஸ்டாஃப் இருந்தா ஆளுக்கு ரெண்டு வரி முடியாது. அப்போ ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சம்பவம் சொல்லிட்டு அந்த பிரிவோட எல்லா பேரையும் நிதானமா படிங்க. ஒரு பேருக்கு மூணு செகண்ட் வெச்சாலும் முப்பது பேர் ஒன்றரை நிமிஷத்துல முடியும். பேரை மட்டும் கழிச்சிடாதீங்க.

7. ஒரு ட்ராஃப்டை எப்படி திருத்தினோம்

நான் கடைசியா கூட உக்காந்த ஓனர் எழுதிட்டு வந்ததை படிச்சு பாத்தா பதினாலு நிமிஷம் ஓடுச்சு. அதுல முதல் அஞ்சு நிமிஷம் அவர் பட்ட கடன், இடம் கிடைக்காம அலைஞ்சது, முதல் நாள் மழை. எல்லாம் உண்மை தான், மனசுல இருந்து வந்தது தான். ஆனா நன்றி சொல்ல நின்னவர் அஞ்சு நிமிஷம் தன்னைப் பத்தியே பேசினா, நின்னுட்டு இருக்கற ஸ்டாஃப் கால் மாத்த ஆரம்பிச்சிடுவாங்க. அந்த பகுதியில "நான்"னு வர்ற வரியை எல்லாம் பென்சில்ல அடிக்கோடு போட சொன்னேன். அப்புறம் ஒவ்வொரு கோட்டுக்கும், அந்த சமயத்துல பக்கத்துல யார் இருந்தாங்கன்னு கேட்டேன். அந்த ஆளை வரியோட முன்னாடி கொண்டு வந்தோம்.

அவர் எழுதி இருந்தது: "முதல் நாள் அடை மழை, கரண்ட் போயிடுச்சு, நான் அழுதே விட்டேன், ஆனா மனம் தளராம போராடினேன்."

மாத்தினது: "முதல் நாள் அடை மழைல கரண்ட் போனப்போ, மாஸ்டர் தன் போனோட லைட்டை உத்தரத்துல கட்டி தொங்க விட்டுட்டு அடுப்பைப் பத்த வெச்சாரு. அன்னிக்கு சாப்பிட்ட நாலு பேருக்கும் சூடா தான் போச்சு."

அதே மழை, அதே கரண்ட். இப்போ நன்றி ஒருத்தருக்குப் போய் சேருது.

பாத்திரம் கழுவற அக்காவுக்கு அவர் எழுதி இருந்தது "அயராது உழைக்கும் எங்கள் அன்புச் சகோதரி". அவர் தினமும் கூப்பிடறது அக்கான்னு. சகோதரின்னு மைக்ல சொன்னா அந்த அக்காவுக்கே தன்னைத் தான் சொல்றாருன்னு புரிய ஒரு நொடி ஆகும். பத்து வருஷமா எப்படி கூப்பிட்டீங்களோ அப்படியே கூப்பிடுங்க, அண்ணன்னா அண்ணன், தம்பின்னா தம்பி. கடைசியில அந்த இடம் இப்படி வந்துச்சு, கோடு இருக்கற இடத்துல பேர்:

"____ அக்கா. தட்டு கழுவும்போது எதுல என்ன மிச்சம் வருதுன்னு பாத்து மாஸ்டர் கிட்ட சொல்றது அக்கா தான். ஒரு அயிட்டம் மூணு நாளா பாதி பாதியா திரும்பி வருதுன்னு அக்கா சொல்லி தான் நாங்க உப்பு கூடிப் போனதையே கண்டுபிடிச்சோம். நீங்க யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்றதுக்கு முன்னாடியே சரி ஆன விஷயங்களுக்கு காரணம் அக்கா."

இது ரெண்டு வரியைத் தாண்டிப் போச்சு, தெரியும். கடைசி ஆளுக்கு அந்த சலுகை கொடுக்கலாம்.

கஸ்டமர் பகுதியில "வாடிக்கையாளர்களே எங்கள் தெய்வங்கள்"னு ஒரு வரி இருந்துச்சு, எடுத்துட்டோம். அதுக்கு பதிலா வந்தது: "ரெண்டு வருஷம் முன்னாடி நாங்க மெனுவை மாத்தினப்போ பழையபடியே இருக்கட்டும்னு பில்லுக்குப் பின்னாடி எழுதி வெச்சிட்டு போனீங்க ஒருத்தர். அந்த பில் இன்னும் கல்லாவுல இருக்கு. மெனு திரும்பி வந்ததும் அதனால தான்." அந்த பில்லை கையில எடுத்து காட்டலாமான்னு கேட்டாரு. கையெழுத்தை வெச்சு ஆளைக் கண்டுபிடிச்சிடுவாங்க, அதனால சொன்னா போதும்னு விட்டோம்.

8. காசு, சலுகை, பதவி எதையும் மைக்ல அறிவிக்காதீங்க

உணர்ச்சி வேகத்துல "எல்லாருக்கும் ஒரு மாச போனஸ்"னு சொல்லிட்டு மறுநாள் கணக்கு பாத்து முழிச்ச ஓனரை எனக்குத் தெரியும். நேத்து சேந்தவருக்கும் ஒரு மாசமா, பார்ட் டைம் ஆளுக்கு எவ்ளோன்னு நூறு கேள்வி வரும். கொடுக்கறதா இருந்தா முன்னாடியே முடிவு பண்ணி, எழுதி, தனியா கொடுத்துடுங்க.

"சிறந்த ஊழியர்"னு ஒருத்தரை அங்க தேர்ந்தெடுக்கறதும் வேணாம். ஒருத்தருக்கு கொடுத்தது மீதி பதினோரு பேர் கிட்ட இருந்து எடுத்ததா தான் படும்.

9. வாய்விட்டு படிங்க, அட்டையில எழுதுங்க

மனசுக்குள்ள படிச்சா ஆறு நிமிஷம் நாலு நிமிஷமா தெரியும். ஸ்டாப்வாட்ச் போட்டு நின்னுக்கிட்டு சத்தமா படிங்க. நான் டைம் பண்ணி பாத்த வரைக்கும் மைக்ல நிதானமா பேசினா நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட நூறு வார்த்தை வரும், அதனால மொத்தம் அறுநூறு, அறுநூத்தம்பது வார்த்தைக்குள்ள நிறுத்துங்க.

முழுசா மனப்பாடம் பண்ண வேணாம். ஒரு வரி மறந்தா அடுத்து நிக்கற ஆளோட பேரும் சேந்து போயிடும். போனைப் பாத்து படிக்கவும் வேணாம், ஸ்க்ரீன் அணையும், நடுவுல கால் வரும். மெல்லிசு பேப்பர் கை நடுக்கத்தை பெருசாக்கி காட்டும், அதனால தான் கெட்டி அட்டை. ஒரு அட்டைக்கு மூணு பேர், பேரை பெரிய எழுத்துல, சம்பவத்தை ரெண்டு மூணு வார்த்தையில குறிப்பா. அட்டைக்கு மேல மூலையில நம்பர் போடுங்க, கீழ விழுந்தா அடுக்க. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல ஒரு சின்ன கட்டம், சொன்னதும் விரலை நகத்திக்கிட்டே வாங்க.

வேற ஊர்ல இருந்து வந்து வேலை பாக்கறவங்க பேரை அவங்க வாயால சொல்ல சொல்லி போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. வருஷக்கணக்கா கடைல எல்லாரும் சுருக்கி கூப்பிட்டு இருப்பாங்க, முழுப் பேர் ஓனருக்கே தெரியாம இருக்கும். நம்ம மொழி சரியா புரியாதவங்களா இருந்தா அவங்களுக்கான ஒரு வரியை மட்டும் அவங்க மொழியில அவங்க கிட்டயே கத்துக்கோங்க. உச்சரிப்பு கொஞ்சம் தப்பானாலும் பரவால்ல, அந்த வரி தனக்குன்னு அவங்களுக்குப் புரியறது தான் முக்கியம்.

10. அன்னிக்கு, பேசறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம்

சத்தத்தை நிறுத்தற வரிசை முக்கியம். முதல்ல எல்லா அடுப்பையும் அணைக்கணும், அதுக்கப்புறம் தான் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தணும். மாத்தி பண்ணினா புகை ஹாலுக்கு வந்துடும், கெஸ்ட் இரும ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் பாட்டு, டிவி, மிக்ஸி, சிங்க் குழாய். ஃப்ரிட்ஜ், ஃப்ரீசரை மட்டும் தொடாதீங்க, திரும்ப போட மறந்தா உள்ள இருக்கற சரக்கு எல்லாம் போயிடும்.

மைக் டெஸ்ட்டை காலி ஹால்ல பண்ணிட்டு விட்டுடாதீங்க, ஆளுங்க நிறைஞ்சதும் சத்தம் அமுங்கும், கொஞ்சம் கூட்டி வைக்கணும். ஸ்பீக்கருக்கு முன்னாடி நின்னு பேசினா மைக்குக்குள்ள அதே சத்தம் திரும்ப போய் கீச்சுன்னு ஊளையிடும், அதனால ஸ்பீக்கர் ரெண்டுக்கும் பின்னாடி நில்லுங்க. மைக்கை வாய்ல இருந்து நாலு விரல் தூரத்துல, தாடைக்கு நேரா பிடிங்க. ஒரு கைல மைக், ஒரு கைல அட்டைன்னா அட்டையை மாத்த மூணாவது கை கிடையாது, முன்னாடி ஒரு சின்ன டேபிள் போட்டுக்கோங்க.

ஸ்டாஃப் எங்க நிக்கணும்னும் முன்னாடியே சொல்லிடுங்க. உங்களுக்குப் பின்னாடி வரிசையா நிக்க வெச்சா ஃபோட்டோ நல்லா வரும், ஆனா நீங்க அவங்களுக்கு முதுகு காட்டிட்டு நன்றி சொல்ற மாதிரி ஆகும். பக்கவாட்டுல, கெஸ்ட்டுக்கும் உங்களுக்கும் தெரியற மாதிரி நிக்கட்டும். பேரைச் சொல்லும்போது கெஸ்ட்டைப் பாக்காம அவங்களைப் பாருங்க. கூச்சப்படறவங்களை முன்னாடி வா, ரெண்டு வார்த்தை பேசுன்னு இழுக்காதீங்க.

நடுவுல தொண்டை அடைச்சா நிறுத்துங்க, தண்ணி குடிங்க, அட்டையில அடுத்த பேரைப் படிங்க. பேர்ங்கறது சின்ன வார்த்தை, குரல் உடைஞ்சாலும் வெளிய வந்துடும். மன்னிப்பு கேட்டு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சா தான் திரும்ப பிடிக்க முடியாம போயிடும்.

யாராவது ஒருத்தர் பேரை விட்டுட்டீங்கன்னு நடுவுல தெரிஞ்சா, கடைசி வரைக்கும் காத்திருக்காம அங்கேயே சொல்லிடுங்க. "விட்டுட்டேன்"ங்கற வார்த்தையை சொல்லாம, நேரா பேரையும் சம்பவத்தையும் சொல்லுங்க, வரிசை உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

முடிக்கற வரி சாப்பாட்டு அழைப்பா இருக்கட்டும். நீளமான வாழ்த்து எதுவும் வேணாம், அந்த வரி கேட்டதும் கிச்சன் ஆளுங்க உள்ள போய் மூடியைத் திறக்கணும், அது தான் அவங்களுக்கு சிக்னல்னு முன்னாடியே சொல்லி வைங்க.

11. பேசி முடிச்ச பிறகு

லீவுல இருக்கறவங்க, உடம்பு சரியில்லாதவங்க, அன்னிக்கு வேற வேலையா வெளிய அனுப்பின ஆள்னு ஒண்ணு ரெண்டு பேர் நிச்சயம் அங்க இருந்திருக்க மாட்டாங்க. ஆள் இல்லன்னாலும் ஸ்பீச்ல அவங்க பேரும் ரெண்டு வரியும் வந்திருக்கணும். வீடியோ அனுப்பி விட்டுடறது போதாது, நிறைய பேர் கூச்சத்துல பாதி பாத்துட்டு மூடிடுவாங்க.

அவங்க அடுத்து டியூட்டிக்கு வர்ற நாள்ல, ஷிஃப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கூப்பிட்டு, அந்த அட்டையை எடுத்து, மைக்ல சொன்ன அதே ரெண்டு வரியை நேர்ல சொல்லுங்க. பக்கத்துல வேலை பாக்கறவர் ஒருத்தரும் அப்போ கூட இருக்கட்டும். அட்டையில அவங்க பேர் பக்கத்துல இருக்கற கட்டத்துல டிக் போடறது அதுக்கப்புறம் தான்.